"500 கிராம் வரைக்கும் கேட்க மாட்டாங்க": நகை நோட்டீஸுக்கு இந்த ஒரு வரி பதில் ஏன் பத்தாது?

வீடியோவில் நேரம் பத்தாம விட்ட ஒரு கேஸை இங்கே முழுசா எழுதறேன். ஆள் அடையாளம் தெரியாம இருக்க சில விவரங்களை மட்டும் மாத்தியிருக்கேன்.

2025 ஜனவரியில ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு போன். சென்னையில ஐடி வேலை பார்க்கிற பெண், வயசு முப்பத்தி நாலு. "சார், இன்கம் டாக்ஸ்ல இருந்து ஷோ காஸ் நோட்டீஸ் வந்திருக்கு. வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் போடணுமாம். எங்ககிட்ட மொத்தமே 500 கிராம் கூட இல்லையே, எப்படி சார் கேட்கலாம்?"

நடந்தது இதுதான். 2022-23 நிதியாண்டில அவங்க 190 கிராம் பழைய நகையை ஒரு கடையில வித்தாங்க. 8,90,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வந்தது. அதை அப்படியே ஃபிளாட் வாங்கறதுல போட்டாங்க. ரிட்டர்ன்லயும் ஒழுங்கா காட்டி, வீடு வாங்கினதுக்கான 54எஃப் விலக்கும் கேட்டிருந்தாங்க. எந்தத் தப்பும் இல்லை.

அப்புறம் ரிட்டர்ன் ஸ்க்ருட்டினிக்குப் போச்சு. 142(1) நோட்டீஸ்ல ரெண்டு கேள்வி. வித்த நகை எப்போ, யார்கிட்ட இருந்து வந்தது, ஆதாரம் என்ன? குடும்பத்துல இப்போ எவ்வளவு நகை இருக்கு, அதுக்கு ஆதாரம் என்ன? இவங்க ஒரு நண்பர் சொன்னதைக் கேட்டு ஒரே வரியில பதில் போட்டுட்டாங்க: "அரசு விதிப்படி திருமணமான பெண் 500 கிராம் வரை வைத்திருக்கலாம், என்னுடையது அதற்குள்தான்."

அதுக்கு வந்ததுதான் ஷோ காஸ். ஆதாரம் எதுவும் தரலை, அதனால 8,90,000 ரூபாயை 69ஏ பிரிவுல விளக்கம் இல்லாத வருமானமா ஏன் சேர்க்கக்கூடாது? சேர்த்தா எவ்வளவு வரின்னு பாருங்க. அந்த ஆண்டுக்கு 115பிபிஇ பிரிவுல 60 சதவீதம் வரி, அந்த வரி மேல 25 சதவீதம் சர்சார்ஜ், ரெண்டுக்கும் மேல 4 சதவீதம் செஸ். கூட்டினா 78 சதவீதம். 8,90,000க்கு 6,94,200 ரூபாய். வட்டியும் அபராதமும் தனி. அம்மா போட்ட நகையை வித்ததுக்கு!

(இதெல்லாம் 1961 சட்டத்தோட பிரிவு எண்கள். 2026 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வர்ற 2025ஆம் ஆண்டு சட்டத்துல எண்கள் வேற. பழைய ஆண்டுகளுக்கு வர்ற நோட்டீஸ்ல பழைய எண்தான் இருக்கும்.)

அந்த 500 கிராம் விதி எதுக்கு?

1994 மே 11ஆம் தேதி மத்திய நேரடி வரிகள் வாரியம் 1916ஆம் எண் அறிவுறுத்தலை வெளியிட்டது. வீட்டுல ரெய்டு நடக்கும்போது திருமணமான பெண்ணுக்கு 500 கிராம், திருமணமாகாத பெண்ணுக்கு 250 கிராம், ஆணுக்கு 100 கிராம் வரைக்கும் நகையைப் பறிமுதல் செய்ய வேண்டாம்னு அதிகாரிகளுக்குச் சொன்னது. குடும்பத்தோட அந்தஸ்தையும் வழக்கத்தையும் பார்த்து அதுக்கு மேலயும் விடலாம்னும் அதுல இருக்கு.

கவனிங்க, அது பறிமுதல் பத்தின விதி. "இந்த நகை எங்கிருந்து வந்தது?"ங்கற கேள்விக்கு அது நேரடி பதில் இல்லை. ரெய்டு கேஸ்கள்ல சில நீதிமன்றங்கள் இந்த அளவையே விளக்கமா ஏத்துக்கிட்டிருக்கு. உதாரணமா 2011ல டெல்லி உயர் நீதிமன்றம், கல்யாணமாகி 25, 30 வருஷம் ஆன ஒரு பெண்கிட்ட 906.9 கிராம் இருக்கிறது அசாதாரணம் இல்லைன்னு சொல்லியிருக்கு. ஆனா நம்ம கேஸ்ல ரெய்டே கிடையாது. நகையை வித்து, வந்த பணத்தைக் கணக்குல காட்டியிருக்கோம். வித்தது எந்த நகை, எப்போ வந்ததுன்னு அதிகாரி கேட்கிறார். அதுக்குப் பொருள் வாரியா பதில் வேணும்.

இன்னொரு விஷயம். ஸ்க்ருட்டினி இப்போ ஃபேஸ்லெஸ். நேர்ல போய் "எங்க வீட்டுல இப்படித்தான் சார் சீர் போடுவாங்க"ன்னு விளக்க முடியாது. எங்கேயோ உட்கார்ந்திருக்கிற அதிகாரி, நீங்க அனுப்பற காகிதத்தை மட்டும்தான் பார்ப்பார்.

முதல்ல தராசு, அப்புறம் காகிதம்

நான் முதல்ல கேட்டது பில் இல்லை. "லாக்கர்ல இருக்கிறதை எடுத்து எடை போட்டுட்டு வாங்க"ன்னேன்.

ஏன்னா வீட்டுல நாம பேசறது பவுன் கணக்கு. "நாப்பது பவுன் போட்டாங்க"ன்னு சொல்வோம். ஒரு பவுன் 8 கிராம், அப்போ 320 கிராம். ஆனா அது ஊருக்குச் சொன்ன கணக்கு. பில்லுல இருக்கிற எடையும் தராசுல காட்டற எடையும் அதோட பொருந்தணும்னு அவசியம் இல்லை. பதில்ல 320னு எழுதிட்டு காகிதத்துல வேற வந்தா, அதிகாரி முதல்ல பிடிக்கிறது அந்த வித்தியாசத்தைத்தான்.

அவங்க எழுதிட்டு வந்த கணக்கு இது:

- அம்மாவோட பழைய நகை, கல்யாணத்துல கொடுத்தது: 118 கிராம்
- கல்யாணத்துக்காக அப்பா 2014ல புதுசா வாங்கினது: 200 கிராம்
- மாமியார் வீட்டுல போட்ட தாலிக்கொடி, செயின்: 56 கிராம்
- கல்யாணத்துல உறவினர்கள், நண்பர்கள் கொடுத்தது: 32 கிராம்
- வேலைக்கு வந்து சொந்தமா வாங்கினது: 48 கிராம்

மொத்தம் 454. வித்தது 190. மீதி 264 இருக்கணும். தராசுல வந்தது 248. பதினாறு கிராம் காணோம்! அதை அப்புறம் பார்ப்போம். முதல்ல வித்த நகைக்கு வருவோம். அந்த 190ல 118 கிராம் அம்மாவோடது, 72 கிராம் அப்பா வாங்கினதுல இருந்து.

பில்லே இல்லாத அம்மா நகை

அம்மாவுக்குக் கல்யாணம் 1986ல. அந்தக் காலத்துல ஊர் ஆசாரிகிட்ட செஞ்ச நகை, பில்லுங்கற பேச்சே இல்லை. "அப்போ இது போச்சா சார்?"னு கேட்டாங்க.

"அம்மா எப்பவாவது நகையை அடகு வெச்சிருக்காங்களா?"னு கேட்டேன்.

கொஞ்ச நேரம் பதில் இல்லை. நம்ம வீடுகள்ல இதைச் சொல்றதுக்கு ஒரு கூச்சம் உண்டு. அப்புறம் சொன்னாங்க: 2009ல அண்ணன் காலேஜ் ஃபீஸுக்காக ஊர்ல ஒரு கூட்டுறவு வங்கியில அடகு வெச்சு, 2011ல மீட்டது. அம்மா அந்தச் சீட்டைத் தூக்கிப் போடலை. பீரோவுல ரேஷன் கார்டு கவர்ல இருந்தது.

இந்த மாதிரி கேஸ்ல நகைக்கடன் சீட்டை விட நல்ல ஆதாரம் கிடைக்கிறது கஷ்டம். அது வீட்டுல எழுதினது இல்லை, ஒரு வங்கி மதிப்பீட்டாளர் எடை போட்டு எழுதினது. அம்மா பேர், தேதி, காசு மாலை 1, அட்டிகை 1, கல் வளையல் 4ன்னு பொருள் வாரியா இருந்தது. மொத்த எடை 118.4 கிராம். அதாவது 2009லயே இந்த நகை அம்மாகிட்ட இருந்திருக்கு.

அடுத்து, 2022ல நகையை வாங்கின கடை கொடுத்த வவுச்சர். நல்லவேளையா அதுலயும் பொருள் பேர் எழுதியிருந்தாங்க: காசு மாலை, அட்டிகை, வளையல் 4, மொத்த எடை 117.9. அரை கிராம் வித்தியாசம் பல வருஷத் தேய்மானம்னு பதில்லயே எழுதிட்டோம். இங்கே ஒரு எச்சரிக்கை. கல் நகைக்கு மொத்த எடை, கல் கழிச்ச நிகர எடைன்னு ரெண்டு இருக்கும். மொத்தத்தை மொத்தத்தோடதான் ஒப்பிடணும். மாத்தி ஒப்பிட்டா இல்லாத வித்தியாசம் வந்து நிக்கும்.

கூடவே ரெண்டு போட்டோ. 1986ல அம்மா கல்யாணத்துல அந்தக் காசு மாலையோட ஒண்ணு, 2015ல மகள் கல்யாணத்துல அதே மாலையோட ஒண்ணு. போட்டோ எடையைச் சொல்லாது, அதனால தனியா நிக்காது. ஆனா கடன் சீட்டுக்குப் பக்கத்துல வெச்சா, ஒரே பொருள்தான் அம்மாகிட்ட இருந்து மகளுக்கு வந்ததுன்னு காட்டும். கடைசியா, இந்த நகையை மகளுக்குக் கொடுத்தேன்னு அம்மா நோட்டரி முன்னாடி கையெழுத்துப் போட்ட ஒரு பக்க அஃபிடவிட்.

தேதிக்கு இன்னொரு உபயோகமும் இருக்கு. அம்மா கொடுத்த நகையை வித்தா, அம்மா வெச்சிருந்த காலத்தையும் நம்ம காலத்தோட சேர்த்துக்கலாம். 54எஃப் கிடைக்கிறதுக்கு அது நீண்டகால சொத்தா இருக்கணும், அப்போ தங்கத்துக்கு அது 36 மாசம். அதனால ரிட்டர்ன்ல காட்டின கணக்கும் பதில்ல சொல்ற கதையும் ஒரே தேதியைச் சொல்லணும்.

பில் அப்பா பேர்ல இருந்தா?

2014ல வாங்கின 200 கிராமுக்கு ரெண்டு பில் இருந்தது, ரெண்டும் அப்பா பேர்ல. "என் பேர்ல இல்லையே"ன்னு பயந்தாங்க. பயப்பட வேண்டாம். அப்பா வாங்கி மகளுக்குக் கொடுத்தார்னு சொல்றப்போ பில் அப்பா பேர்ல இருக்கிறதுதான் இயல்பு. கல்யாணத்துக்கு மூணு மாசம் முன்னாடி தேதி, அதுவும் பொருந்துது.

ஆனா அடுத்த கேள்வி தானா வரும்: அப்பாவுக்குப் பணம் ஏது? அவர் ஓய்வு பெற்ற அரசுப் பள்ளி ஆசிரியர். மகள் கல்யாணத்துக்காக ஜிபிஎஃப்ல இருந்து 4 லட்சம் எடுத்திருந்தார், ஒரு எஃப்டியும் முறிச்சிருந்தார். பாஸ்புக்ல பணம் வந்த வரியும், கடைக்கு செக் போன வரியும் ஒரே பக்கத்துல இருந்தது. அந்தப் பக்கத்தை பில்லோட சேர்த்து வெச்சோம். பரிசுன்னு சொன்னா மட்டும் பத்தாது, கொடுத்தவரால கொடுக்க முடிஞ்சதுன்னும் காட்டணும்.

ஒரு பில் வெளிறிப் போய் எடையே தெரியலை. நடந்த செலவுக்கு கடையில டூப்ளிகேட் கேட்டு வாங்கறது தப்பில்லை. ஆனா "பழைய தேதி போட்டு ஒரு பில் தர்றேன்"னு யாராவது சொன்னா அந்தப் பக்கமே போகாதீங்க. ஜிஎஸ்டி வந்தது 2017 ஜூலை 1. 2014 தேதி போட்ட பில்லுல ஜிஎஸ்டி எண் இருந்தா, அதிகாரிக்கு ஒரு நிமிஷம் போதும். அதுக்கப்புறம் உண்மையான காகிதத்தையும் நம்ப மாட்டாங்க, பொய் ஆவணத்துக்காக வழக்கு வரைக்கும் போகலாம்.

மொய் நோட்டும் காணாமப் போன 16 கிராமும்

கல்யாணப் பரிசு 32 கிராமுக்கு இருந்த ஒரே ஆதாரம் மொய் நோட்டு. தாய்மாமன் வளையல் ரெண்டு பவுன், நண்பர்களும் உறவினர்களும் போட்ட மோதிரங்கள் ரெண்டு பவுன். யார், எந்த ஊர், என்ன கொடுத்தாங்கன்னு ஒரு பெரியவர் கையெழுத்துல வரிசையா இருந்தது.

தன்னோட கல்யாணத்துல வர்ற பரிசுக்கு, யார் கொடுத்தாலும் எவ்வளவு கொடுத்தாலும், வாங்கினவருக்கு வரி இல்லை. ஆனா இது மணமக்களுக்கு மட்டும்தான். வளைகாப்பு, காதுகுத்து, புதுமனைப் புகுவிழாவுக்கு இந்தச் சலுகை கிடையாது. அங்கே சட்டம் சொல்ற நெருங்கிய உறவினர் கொடுத்தா வரி இல்லை, மத்தவங்க கொடுத்தது ஒரு வருஷத்துல மொத்தம் 50,000 ரூபாயைத் தாண்டினா வரி உண்டு. அதனால எந்த விசேஷத்துல வந்ததுன்னு பிரிச்சு எழுதணும். நோட்டோட முதல் பக்கம், நகை வர்ற பக்கங்கள், கல்யாணப் பத்திரிகை, திருமணப் பதிவுச் சான்று எல்லாத்தையும் ஒண்ணா ஸ்கேன் பண்ணோம்.

அதுக்கப்புறம் சொந்தமா வாங்கின 48 கிராமுக்கான பில்களைப் பார்த்தப்போ விஷயம் புரிஞ்சது. 2019ல நகைச் சீட்டு முடிஞ்சு வாங்கின 24 கிராம் செயின் பில்லுல, கீழே சின்ன எழுத்துல ஒரு வரி: பழைய தங்கம் 16 கிராம் கழிவு. அந்த மோதிரங்களைத்தான் அன்னிக்குக் கொடுத்து மாத்தியிருக்காங்க. இவங்க அதை மறந்துட்டு, மோதிரத்தையும் எழுதி, செயினையும் முழுசா எழுதியிருக்காங்க. ஒரே தங்கம் ரெண்டு தடவை.

சரியான மொத்தம் 438. வித்தது 190 போக 248. தராசோட பொருந்திடுச்சு.

தங்கத்தைக் காட்டற பதில்கள்ல நான் அதிகமா பார்க்கிற தப்பு இதுதான். பழசைக் கொடுத்து புதுசு வாங்கும்போது, பழசோட ஆதாரம் புது நகைக்கு வந்து சேருது. அதனால 2019 பில்லுக்குப் பக்கத்துல "இதில் 16 கிராம் மேலே சொன்ன மொய் மோதிரங்கள், மீதி சீட்டுப் பணமும் வங்கிக் கணக்கில் இருந்து கட்டியதும்"னு எழுதினோம். எடை போடாம அனுப்பியிருந்தா, "மீதி 16 கிராம் எங்கே, அதையும் வித்தீங்களா?"னு அடுத்த நோட்டீஸ் வந்திருக்கும்.

பதிலை எப்படி எழுதினோம்

இ-ஃபைலிங் தளத்துல `Pending Actions` உள்ள `e-Proceedings`லதான் பதில் போடணும். பதில் ஆங்கிலத்துல போச்சு. அதோட நடை இப்படி இருந்தது:

"முந்தைய பதிலில் வாரியத்தின் அறிவுறுத்தலை மட்டும் குறிப்பிட்டிருந்தேன். இப்போது பொருள் வாரியான விவரம் தருகிறேன். விற்ற 190 கிராமில் 118 கிராம் என் தாயார் கொடுத்தது (இணைப்பு 1 முதல் 4 வரை). 72 கிராம் என் தந்தை 2014இல் வாங்கிக் கொடுத்தது (இணைப்பு 5 முதல் 7 வரை). மீதி 248 கிராமின் விவரம் இணைப்பு 8இல்."

அதுக்குக் கீழே ஒரு அட்டவணை: பொருள், கிராம், யார் கொடுத்தது, எப்போ, இணைப்பு எண், இப்போ கையில இருக்கா இல்ல வித்தாச்சா. ஒவ்வொரு காகிதத்து மேலயும் அந்த இணைப்பு எண்ணைப் பெருசா எழுதினோம். அறுபது பக்கத்தை ஒரே ஃபைலா வரிசையில்லாம ஏத்தினா, எது எதுக்கு ஆதாரம்னு படிக்கிறவருக்குத் தெரியாது.

கணவரோட மோதிரமும் செயினும் இந்தக் கணக்குல சேரலை, அது அவர் பேர்ல தனி தாள். அதே லாக்கர்ல மாமியார் நகையும் இருந்தது. அதுக்கு மாமியார் கையெழுத்துப் போட்ட தனிப் பட்டியல். ஒரே லாக்கர்ல இருக்குங்கறதுக்காக எல்லாம் ஒருத்தரோட நகை ஆகிடாது, ஆனா பிரிச்சுச் சொல்லலைன்னா அப்படித்தான் தெரியும்.

ஆதாரம் குறைவா இருந்ததையும் மறைக்கலை. தாய்மாமன் வளையலுக்கு மொய் நோட்டும் அவர் கொடுத்த கடிதமும்தான், பில் இல்லைன்னு நேராவே எழுதினோம். 1994 அறிவுறுத்தல் கடைசிப் பத்தியில வந்தது: பில் இல்லாத இந்தச் சின்ன அளவு, ஒரு திருமணமான பெண்கிட்ட வழக்கமா இருக்கக்கூடியதுதான்னு காட்ட. முன்னாடி அதுதான் முழுப் பதிலா இருந்தது. இப்போ மத்த எல்லாத்துக்கும் காகிதம் கொடுத்துட்டு, மிச்சத்துக்குத் துணையா மட்டும் நின்னுச்சு.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பதில் போச்சு. மார்ச் மாசம் ஆர்டர் வந்தது. ரிட்டர்ன்ல காட்டின வருமானம் அப்படியே ஏத்துக்கப்பட்டது, 8,90,000 சேர்க்கப்படலை.

எல்லா கேஸும் இப்படி முடியும்னு சொல்ல மாட்டேன். அம்மா அந்த அடகுச் சீட்டைத் தூக்கிப் போட்டிருந்தா, 118 கிராமுக்கு போட்டோவும் அஃபிடவிட்டும் மட்டும்தான் மிஞ்சியிருக்கும். அதை அதிகாரி ஏத்துக்கலாம், ஏத்துக்காமலும் போகலாம். அப்புறம் அப்பீல்தான்.

நீங்க அடுத்து பழைய நகையை விக்கப் போறீங்கன்னா, கடையில உட்கார்ந்திருக்கும்போதே ரெண்டு விஷயம் பண்ணுங்க. உருக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொரு நகையையும் தராசு மேல வெச்சு போட்டோ எடுங்க. வவுச்சர்ல "பழைய தங்கம் 190 கிராம்"னு மொத்தமா எழுதாம, பொருள் பேரோட எழுதிக் கொடுக்கச் சொல்லுங்க. உருக்கினதுக்கு அப்புறம் அது காசு மாலையா இருந்ததுன்னு சொல்ல அந்த ஒரு தாள்தான் இருக்கும்.